அரைமண்டிக்கு எடுக்காத அளவு

நோன்பு பிடித்துக்கொண்டு தைக்கிறவளுக்குத்தான் தெரியும், நூல் முனையை நாக்கில் வைக்காமல் ஊசி கோர்ப்பது எவ்வளவு பெரிய கரைச்சல் என்று. பகல் பன்னிரண்டு மணிக்குள் என் கண் இரண்டும் பூத்துப்போகும். அப்படியான ஒரு மாதத்தில்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது. வேறு மாதத்தில் வந்திருந்தால் நான் செய்த பிழையைச் செய்திருக்க மாட்டேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நோன்பு இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கல்முனைப் பெரிய தெருவில் எங்கள் கடை. முன்பக்கம் என் மனிசன் ஜுப்பாவும் காற்சட்டையும் தைப்பார். பின்பக்கம், சீலைத் திரைக்கு அங்கால், பெண்களின் சட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மடிப்புக் கவுனும் என் பாடு. எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு பின்னேரம் காரைதீவிலிருந்து ஒரு நடன டீச்சர் வந்தார். பின்னால் நாவிதன்வெளியில் இருந்து ஒரு தாயும் மகளும். தாய் வயலில் கூலிக்கு நாற்று நடுகிறவள். மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும், பாடசாலை நடனப் போட்டியில் தனி நடனம் ஆட வேண்டும். வழக்கமாக உடுப்புத் தைக்கும் மட்டக்களப்புக்காரர் நேரமில்லை என்று கையை விரித்துவிட்டாராம்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல டீச்சர்," என்றேன்.

"கவுனுக்கு நீங்க பிடிக்கிற மடிப்பப் பாத்துத்தான் வந்தனான் ராத்தா. ஒண்டே ஒண்டுதான், மடிப்புக் குலையக் கூடாது. போன வருசம் ஒரு பிள்ளைக்கு மேடையில வைச்சு விசிறி பிரிஞ்சு தொங்கிப்போச்சு. அந்தப் பிள்ளை இப்ப ஆடுறதே இல்ல."

விசிறி என்பது ஆடுகிறவளின் காற்சட்டைக் கால் இரண்டோடும் ஓரம் சேர்த்து, நடுவில் முன்னால் தொங்கும் மடிப்பு. டீச்சர் ஒரு படம் காட்டினார். அதில் ஒரு பெண் நேராக நின்றுகொண்டிருந்தாள், மடிப்பு விசிறியை மூடி வைத்த மாதிரிக் கிடந்தது. அதைப் பார்த்தே தைக்கலாம் என்று நினைத்துவிட்டேன்.

தாய் முன்னால் வந்தாள். பழந்துணியில் சுற்றிய ஒரு பொதியை என் மடியில் வைத்தாள். அவளுடைய கலியாணக் கூறைச்சீலை. சிவப்புப் பட்டு, கரையில் சரிகை.

"இது ஒண்டுதான் ராத்தா இரிக்கி. பிழைச்சா வேற இல்ல," என்றாள்.

கத்தரிக்கோலை அன்றைக்கு நான் எடுக்கவில்லை. அளவு மட்டும் எடுத்தேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு அளவெடுக்கிற விதம் ஒன்று உண்டு. காலைச் சேர்த்து வைத்து, கையைத் தொங்கப்போட்டு, குனிந்த தலையோடு நிற்பாள். நாங்கள் இழைநாடாவைப் பட்டும் படாமலும் பிடிப்போம். திரைக்கு அங்கால் ஆம்பிளைகள் இருந்து ஜுப்பாவுக்கு அளவு கொடுக்கிறார்கள். "மகள், முழங்காலை விரிச்சிக் குந்துங்க" என்று எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் தானாகக் காட்டவில்லை. டீச்சர் அதற்குள் சலங்கைக்கு மணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஆடுகிற பிள்ளைக்கு நிற்கிற அளவை எடுத்து முடித்துவிட்டேன்.

அடுத்த ஐந்து நாளும் அந்தப் பட்டோடுதான் என் சீவியம். சீலையை வெட்டும்போது பிஸ்மில்லாச் சொல்லித்தான் கத்தரியை வைத்தேன். காற்சட்டையும் சட்டையும் தைத்தபின், விசிறிக்குக் கரை அடிப்பக்கம் வரும்படி விரலகல மடிப்புப் பிடித்தேன். ஈரத் துணியை மேலே போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு மடிப்பாக அழுத்தி, ஆறும்வரை நாடாவால் கட்டி வைத்தேன். அது நன்றாகவே வந்தது. பிறகுதான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். குலையக் கூடாது என்றாரல்லவா? மடிப்பின் பின்பக்கம் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நாலு இடத்தில் பட்டி வைத்து மெசினால் ஓட்டி அடித்தேன், கவுனின் இடுப்பு மடிப்புக்கு அடிக்கிற மாதிரி. பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது போட்டுப் பார்க்க வந்தார்கள். பிள்ளை நேராக நின்றபோது படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. தாய் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"எங்க, அரைமண்டியில இரி பாப்பம்," என்றார் டீச்சர்.

பிள்ளை குதிக்காலைச் சேர்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால் இரண்டையும் வெளியே விரித்து இறங்கினாள். பாதி இறங்கும்போதே டர் என்று ஒரு சத்தம். காற்சட்டை தொடைக்கு நடுவில் கிழிந்துவிட்டது. விசிறி விரியவே இல்லை. அடைத்த கதவு மாதிரி இரண்டு முழங்காலையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை அப்படியே பாதியில் நின்று அழத் தொடங்கினாள்.

"இது விரியவும் வேணும் ராத்தா. விரியத்தானே மடிப்பு," என்றார் டீச்சர் மெதுவாக. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தாய் கிழிந்த இடத்தைக் கையால் தடவினாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கூட்ட நடனத்தில் இந்தப் பிள்ளை போடுவதற்கென்று இரவல் வாங்கிய பச்சை உடுப்பொன்று டீச்சரின் பையில் இருந்தது. அதை வாங்கி உள்பக்கத்தை வெளியே புரட்டினேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், கேட்க ரோசம் விடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சாண்வரைதான் மடிப்பை இறுக்கி அடித்திருந்தது. அதற்குக் கீழே பட்டியே இல்லை. உள்மடிப்புகளை மட்டும் மூன்று இடத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தது, மடிப்புக்கு மடிப்பு முடிச்சு, இரண்டு முடிச்சுக்கு நடுவில் தொய்வு. விரிந்தால் அந்தத் தொய்வளவு விரியும், சேர்ந்தால் பழைய ஒழுங்கிலே வந்து அடங்கும். அவ்வளவுதான் விசயம்.

"திரையை இழுத்து விடுங்க. கடையையும் கொஞ்சம் சாத்துங்க," என்று மனிசனுக்குச் சத்தம் போட்டேன்.

"நோன்பு நாளில என்னத்துக்குக் கடைய சாத்துற?"

"பொம்புளப் புள்ளைக்கு அளவெடுக்கணும். இப்பத்தான் சரியா எடுக்கப் போறன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு சாத்தினார். பிள்ளையை அரைமண்டியில் இருத்தி, ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு நாடா பிடித்தேன். அதை மடிப்புகளின் எண்ணிக்கையால் பிரித்துத் தொய்வைக் கணக்கெடுத்தேன். பிறகு முழுமண்டிக்கு முழுவதும் குந்தச் சொல்லி, முன் இடுப்பிலிருந்து காலுக்கு நடுவால் பின் இடுப்புவரை எடுத்தேன். நின்ற அளவைவிட எவ்வளவோ கூட. ஜுப்பாவின் கக்கத்தில் நாங்கள் நாற்சதுரத் துண்டு ஒன்று வைப்போம், கையைத் தூக்கினால் சட்டை இழுபடாமல் இருக்க. அதே துண்டைப் பெரிதாக, துணியின் குறுக்கு இழுவையில் வெட்டிக் கிழிந்த இடத்தில் வைத்தேன். பட்டு மிச்சமில்லை, சிவப்புப் பருத்திதான். விசிறி மறைக்கும். விசிறியின் பட்டிகளைப் பிரித்தெடுத்து, கணக்கெடுத்த தொய்வோடு கையால் நூல் பிடித்தேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கூட்ட நடனம் முடிந்து நடுவில் ஒரேயொரு பாட்டு, உடனே இவளுடைய தனி நடனம். மூன்று தரம் பெயர் கூப்பிடுவார்களாம். வராவிட்டால் அடுத்த பிள்ளை. அதற்குள் பச்சையைக் கழற்றிச் சிவப்பைப் போட வேண்டும். வியர்வையில் ஊறிய நாடா முடிச்சு அவிழவே அவிழாது, ஆகையால் ஒரு முடிச்சும் வைக்கவில்லை. காற்சட்டை, விசிறி, பின்பக்கத் துண்டு மூன்றையும் ஒரே இடுப்புப் பட்டியில் சேர்த்து இரண்டு பெரிய கொளுக்கி வைத்தேன். தலையில் நகை இருக்கிறபடியால் சட்டையை முன்னால் திறக்கும்படி செய்தேன், மேலாக்கு அதை மூடும். சலங்கையைக் கழற்ற நேரமில்லை. அதனால் காற்சட்டையின் கணுக்கால் பக்கத்தைப் பிளந்து அமுக்கு பொத்தான் வைத்தேன்.

இவ்வளவும் சரி. ஆனால் மெசின் தையலைப் பிரித்த இடத்தில் பட்டில் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்துவிட்டன. ஈரத் துணி போட்டு அழுத்தினேன், நகத்தால் நீவினேன். பருத்தி என்றால் மூடிக்கொள்ளும், பட்டு மூடாது. நான் தாயிடம் சொல்லவில்லை.

போட்டி அன்று கொளுக்கி மாட்ட வேறு ஆளில்லை என்று என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு சீலை மறைப்புக்குள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சி பிந்திப் பிந்திப் பொழுதுபட்டுவிட்டது. பிள்ளை பச்சை உடுப்போடு ஓடி வந்து கையைத் தூக்கி நின்றாள். அந்தப் பச்சையில் எல்லாமே முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தேன். அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. நோன்பு திறக்கக் கையில் நேரமில்லை. முதல் தரம் பெயர் கூப்பிட்டார்கள். சலங்கைக்கு மேலால் காற்சட்டை வழுக்கி ஏறியது. இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். இடுப்புக் கொளுக்கி, சட்டை, மேலாக்கு. கணுக்கால் பொத்தானை நான் அமுக்கி எழும்ப முதல் அவள் போய்விட்டாள்.

எனக்கு மேடை தெரியவில்லை. காது மட்டும்தான் இருந்தது. முழுமண்டிக்கு இறங்குகிற ஜதி எது என்று டீச்சர் எனக்குச் சொல்லியிருந்தார். அது வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த டர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சலங்கை ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மூன்று நாள் நித்திரையில்லாத உடம்பு.

கைதட்டல் அடங்கியபின் பிள்ளை வந்து உடுப்பைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு டீச்சரிடம் ஓடினாள். தாய் ஒரு கோப்பைத் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

"நோன்பு திறக்கல்லையே ராத்தா. இந்தாங்க."

குடித்தேன். குடித்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. விசிறியைப் புரட்டித் துளைகளைக் காட்டினேன். "தங்கச்சி, ஒங்கட கூறைச்சீலைய நான் பழுதாக்கிட்டன். முதல்ல அடிச்ச தையல் பிழை. இது இனி மூடாது."

அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். நாற்று நட்டு வெடித்த விரல் பட்டில் சிக்கியது.

"தெரியுது," என்றாள். "இத நான் உடுத்தது ஒரே ஒரு நாள் ராத்தா. அண்டைக்குத் தலையக் குனிஞ்சுகிட்டே இருந்தன். இது எப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்குத்தான் முன்னால இருந்து பாத்தன்."

"எப்பிடி இருந்திச்சி? நான் பாக்கல்லகா. ஒண்டையும் பாக்கல்ல."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்பு கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, நூல்சீலையை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்து, குதிக்காலைச் சேர்த்து முழங்காலை விரித்துக் கொஞ்சம் இறங்கினாள். சீலையை இரண்டு பக்கமும் இழுத்து விரித்துக் காட்டினாள்.

"இப்பிடி," என்றாள்.