417-ஆம் கேன்

நான் எழுதியவற்றில் இதுவரை யாரும் குறை சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது ஆம்பூரில் எங்கள் ரசாயனக் கிடங்கின் கேன் பதிவேடு. மற்ற எழுத்துகளைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பியிருக்கின்றன. இதை ஆடிட்டரே பாராட்டினார். "நாவல் மாதிரி இருக்கு சார்" என்றார். அது எவ்வளவு உண்மை என்று அவருக்குத் தெரியாது.

தோல் தொழிற்சாலைகளுக்கு நாங்கள் ஃபார்மிக் ஆசிட் அனுப்புகிறோம். நீலப் பிளாஸ்டிக் கேன், ஒன்றுக்கு முப்பத்தைந்து கிலோ. உள்ளே இருக்கும் ஆசிட் வாங்கியவருடையது, கேன் எங்களுடையது. அதற்கு டெபாசிட் வாங்கி வைத்துக்கொள்வோம். காலிக் கேன் திரும்பி வந்தால் டெபாசிட்டைத் திருப்பித் தருவோம். ஒவ்வொரு கேனின் தோளிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் இருக்கும். எந்த எண் எந்த வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரிய வேண்டும்.

தெரியாது. காரணம் நான்.

டிரைவர் எண்ணையெல்லாம் படிப்பதில்லை. எட்டு கேன் இறக்கினால் எட்டு காலி ஏற்றிக்கொள்வார். எல்லாருக்கும் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், டெபாசிட் அதற்குத்தானே. சாயங்காலம் நான் நாற்காலியில் சாய்ந்தபடி, அந்த வாடிக்கையாளரிடம் நெடுநாளாக இருக்கும் எட்டு எண்களைப் பார்த்து 'திரும்பியது' என்று எழுதிவிடுவேன். பழையதுதானே முதலில் வரும் என்பது என் ஊகம். இரண்டு வருடம் இப்படிக் கற்பனையாகவே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பெரிய தோல் தொழிற்சாலை ஒன்றின் சூப்பர்வைசர் போன் செய்தார். எப்போதும் சத்தமாகப் பேசும் மனிதர், அன்று மெதுவாகப் பேசினார்.

"சார், நேத்து சாயங்காலம் உங்க வண்டி காலிக் கேன் எடுத்துட்டுப் போச்சே... அதுல ஒண்ணு காலி இல்ல."

"ஆசிட் மிச்சமா பாய்?"

"ஆசிட்டா இருந்தா நான் ஏன் பேஜாராவறேன்? சுண்ணாம்பு யார்டுல நம்ம ஆளுங்க சல்பைட் தண்ணிய அதுல புடிச்சு வச்சிருந்தாங்க. அடியில கொஞ்சம் நின்னுருக்கு. மூடி போட்டுட்டாங்க. நம்பர் நானூத்திப் பதினேழு."

இந்தப் பக்கத்துத் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்பு யார்டில் தோலின் முடியை நீக்கும் சல்பைட்டில் ஆசிட் கலந்தால் ஒரு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நாற்றம் நின்றுபோகும். வாயு போய்விடவில்லை, மூக்குதான் செத்துப்போகிறது. அதற்குப் பிறகு மனிதன்.

பதிவேட்டைத் திறந்தேன். 417 போன மாதமே திரும்பி வந்து, நிரப்பப்பட்டு, வாணியம்பாடிக்குப் போய்விட்டதாக என் கையெழுத்து உறுதியாகச் சொன்னது. அவ்வளவு தெளிவான பொய்யை அதற்கு முன் நான் படித்ததில்லை.

காலிக் கேன்களை அன்று காலைதான் ராணிப்பேட்டை நிரப்பு யார்டுக்கு அனுப்பியிருந்தோம். யார்டுக்குப் போன் போட்டேன்.

"ரொப்பாதீங்க! கேனுங்களத் தொடவே தொடாதீங்க!"

"இன்னா சார், ரெண்டு ஆயிடுச்சு" என்றார் யார்டு ஆள்.

"மூடியத் தொறக்காத. வெளிய நின்னு நம்பர் மட்டும் படி."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். எழுபது, நூற்றுப் பன்னிரண்டு, நானூற்று நாற்பது... நான் மனதில் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில், "முப்பத்தொம்போது சார்" என்றார். நாங்கள் அனுப்பியது நாற்பது. 417 இல்லை.

டிரைவரைப் பிடித்தேன். ராணிப்பேட்டையில் இறக்கிவிட்டு வந்து அவர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"நாப்பது ஏத்தினியா இல்லியா?"

"ஏத்தினேன் சார். ஒண்ணு கம்மியா இருந்தா இன்னா இப்போ? நாளைக்கு இன்னொரு எடத்துலருந்து சேத்துடுவேன். எப்பவும் அப்படித்தானே?"

எப்பவுமா? அந்த 'எப்பவும்' எனக்குப் புதிய தகவல்.

"அந்த ஒண்ணு எங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பைபாஸ் ஓரத்தில் சின்னத் தோல் பட்டறை ஒன்று உண்டு, அங்கே வயதான தொழிலாளி ஒருவர். ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கக் காலிக் கேன் கேட்டுக்கொண்டே இருப்பார். டெபாசிட் கட்ட முதலாளிக்கு மனசில்லை. "பாவம்னு ஒண்ணு எறக்கிட்டேன் சார். ஒரு வாரத்துல குடுத்துடுவாரு."

"காலையில எத்தன மணிக்கு?"

"ஏழரை."

மணி பதினொன்றாகப் போகிறது. டிரைவர் கொடுத்த நம்பரில் அந்தத் தொழிலாளியின் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெரிய தொழிற்சாலையின் பாதுகாப்பு ஆட்களை மூச்சுக் கருவியோடு வரச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் டிரைவரைப் பின்னால் ஏற்றி, என் போனைக் கொடுத்து விடாமல் அடிக்கச் சொல்லிக் கிளம்பினேன். வழியெல்லாம் அவர், "ஒண்ணும் ஆவாது சார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்குச் சொன்னாரோ.

பட்டறை வாசலிலேயே அடித்தது. அழுகிய முட்டை. சாதாரணமாக இந்த ஊரில் நாற்றத்துக்கு யாரும் தலை திருப்ப மாட்டோம். அன்று என் கால் தானாக நின்றது.

முற்றத்தின் கடைசியில் ரசாயன அறை. ஜன்னல் இல்லாத அறை. அதன் திறந்த கதவுக்குப் பக்கத்தில் அந்தத் தொழிலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே தரையில் நீலக் கேன், வாயில் புனல். மூலையில் ஒரு மேஜை, அதன் மேல் அவருடைய போன், எங்கள் அழைப்பில் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"பெரியவரே, வெளிய வாங்க! இந்தப் பக்கம்!"

"வாங்க சார்" என்றார், விருந்தாளியை வரவேற்பது போல. "தண்ணி பாதி ரொப்பி இப்பதான் ஆசிட் ஊத்தினேன். கப்புனு நாத்தம். வெளிய ஓடி வந்துட்டேன். இப்போ நாத்தமே இல்ல, போய்டுச்சு. போன் அடிக்குது, எடுத்துட்டு வந்துடறேன்."

இருபது அடி தள்ளி நின்ற எனக்கு நாற்றம் குமட்டியது. கதவோரம் நின்ற அவருக்கு இல்லை.

அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தது என் போன் அழைப்பு. கடைசி வரை விடாமல் அடிக்கச் சொன்னேனே, அதுதான்.

"போன் கிடக்கட்டும்!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "நாத்தமே இல்லீங்களே" என்று சொல்லி ஒரு கால் நிலைப்படியில் வைத்தார்.

டிரைவர் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மூச்சைப் பிடித்தபடி அவர் பெரியவரின் கைலியையும் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். இருவரும் முற்றத்தில் விழுந்தார்கள். நான் வந்து இன்னொரு கையைப் பிடித்தேன். மூவரும் காற்றுக்கு எதிராகத் தெருவை நோக்கி ஓடினோம். பாதி வழியில் ஒன்றைக் கவனித்தேன்: எனக்கும் நாற்றம் குறைந்திருந்தது. நாற்றமில்லாத காற்றுக்கு என் வாழ்க்கையில் நான் பயந்தது அன்று மட்டும்தான்.

பெரியவர் தெருவோரம் வாந்தி எடுத்தார். தலை வெடிக்குது என்றார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள். பாதுகாப்பு ஆட்கள் முகமூடியோடு போய்க் கேனை வெளியே கொண்டுவந்தார்கள். தோளில் வெள்ளைப் பெயிண்டில், கொஞ்சமும் அழியாமல், 417.

அடுத்த இரண்டு வாரம் நானும் டிரைவரும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும், அங்கிருந்து கேன் கைமாறிய இடங்களுக்கும் போய், ஒவ்வொரு கேனின் தோளையும் படித்தோம். ஒரு வீட்டில் ஒரு கேன் மொட்டை மாடியில் குடிநீர் பிடித்து வைக்க இருந்தது. "நல்லா கழுவிட்டோம்" என்றார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு இருந்தன. எங்கள் பதிவேட்டில் அவை மூன்றும் பேர்ணாம்பட்டில் சௌக்கியமாக இருந்தன.

இப்போது எண்ணைப் படிக்காமல் எதையும் எழுதுவதில்லை. புதிய பதிவேட்டில் என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, லாரி மேல் நின்று எழுதுவதால். பதினொரு கேன்கள் மட்டும் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அவற்றில் எட்டு, பழைய பதிவேட்டின்படி, திரும்பி வந்துவிட்டவை.