நடுவில் விட்ட இடம்

சாரம் பகுதியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கல்யாணப் படங்களை ஃபேஸ்புக்குக்கு ஓர் அளவிலும் இன்ஸ்டாகிராமுக்கு வேறு அளவிலும், யார் தலையும் போகாமல் வெட்டித் தருவேன்.

அன்று வந்த குடும்பப் படத்தில் மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி. எவன் இப்படி நிற்கவைத்து எடுத்தான் என்று எரிச்சலாக வந்தது. ஃபேஸ்புக் அட்டைப்படம் அகலமானது, ஆறு பேரும் அடங்கிவிட்டார்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு ஒடுக்கமான நெட்டைச் சட்டம். நடுவை வைத்தால் வெறும் சுவர்தான் விழுந்தது. ஓரமாக நகர்த்தி, மணமக்களை மட்டும் வைத்து அனுப்பினேன்.

மணப்பெண் போன் செய்தாள்.

"ஸ்டோரில எங்க அண்ணன வெட்டிட்டீங்களே."

"படத்துல அண்ணன் யாருங்க?"

"நடுவுலதாங்க. போன வருஷம் தவறிட்டாரு. அவருக்குன்னு எடம் விட்டு நின்னோம்."

மறுபடி நடுவை வைத்தேன். ஒரு விளிம்பில் அப்பாவின் தோள், மறு விளிம்பில் அவள் தோள், இடையில் சுவர். மேலே எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை.

"அவரு எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டேன்.

"அப்பாவ விட ஒரு சாண் கூட."

சட்டத்தை மேலே ஏற்றினேன். தலை தப்பியது.