நூற்று அறுபத்து மூன்று வருகைகள்

செல்லக்கனியிடம் யாராவது ‘முடியாது’ என்று சொன்னால், அதை அவள் பேரத்தின் முதல் விலையாகத்தான் எடுத்துக்கொள்வாள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து ஒரகடத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் கம்பெனி பஸ்ஸை அவள் தெருமுனைவரை திருப்ப வைத்தாள். சாம்பாரில் தண்ணீர் அதிகம் என்று கேன்டீன்காரரைத் தலைகுனிய வைத்தாள். வீட்டு ஓனரிடம் கொசுவலைக்குக் காசு வாங்கினாள். உருவம் என்னவோ ஊதினால் பறந்துவிடும் போலத்தான். வாய் திறந்தால்தான் எதிரே நிற்பவர் ஓரடி பின்னால் போவார்.

அப்படிப்பட்டவள் ஏமாந்ததும் ஒருமுறை நடந்தது. தை மாதம் போனஸ் வந்த அன்று, கூட்டுரோட்டில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சூசைராஜ் மாஸ்டரின் ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேர்ந்தாள். மாதாமாதம் கட்டினால் ஆயிரம், மொத்தமாகக் கட்டினால் வருடத்துக்கு ஏழாயிரத்து இருநூறுதான் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நாலாயிரத்து எண்ணூறு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு லாபம், லாபம் என்று குதித்தாள். போனில் பணத்தை அனுப்பி ரசீதும் வாங்கினாள். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பதினைந்து நாளுக்குள் வேண்டாமென்றால் பணம் முழுதும் உண்டு, அதற்குப் பிறகு திருப்பித் தருவதோ வேறு பெயருக்கு மாற்றுவதோ கிடையாது என்று அங்கே எறும்பு எழுத்தில் இருந்தது.

சரியாக நான்கு மாதம் கழித்து, தொழிற்சாலையில் அவள் வேலை செய்த லைனை அப்படியே ஓசூருக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். ஓசூரில் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள். அட்வான்ஸுக்கு நாலாயிரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ரூம் வேறொருத்திக்குப் போய்விடும். ஊரில் கேட்டால், “பேசாம வேலையை விட்டுட்டு வா, கல்யாணத்தைப் பண்ணுவோம்” என்பார்கள். அதைவிட ஜிம் மாஸ்டரிடம் கேட்பதே மேல் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறினாள்.

கையில் ஒரு வாதம் தயாராக இருந்தது. நான்கு மாதத்தில் தான் வந்தது மொத்தம் பதினோரு நாள். அவருடைய கம்பியும் தேயவில்லை, கரண்டும் செலவாகவில்லை. பதினோரு நாளுக்கு ஒரு வருடக் காசா என்று கேட்டால், கல்லாக இருந்தாலும் கரைந்துவிடுவார்.

மேலே கவுண்டரில் ஜோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் நேரத்துக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். பக்கத்து ஊர்க்காரி, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு அம்மா. செல்லக்கனி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜோஸ்லினின் முகம் வெளுத்துவிட்டது.

“ஏய் கனி, இன்னா சொல்ற? பதினோரு நாள்னு மாஸ்டராண்ட சொல்லப் போறியா?”

“ஆமாக்கா. அதானே உண்மை.”

“உண்மைதாம்மா. நோட்டுல அப்டி இல்லியே!”

ஜோஸ்லின் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். பக்கம் பக்கமாகச் செல்லக்கனி. காலை பத்தரைக்குச் செல்லக்கனி, மாலை நாலே முக்காலுக்குச் செல்லக்கனி. ஈஸ்டர் அன்றுகூடச் செல்லக்கனி. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று.

இது எப்படி வந்தது என்றால், பாதிப் பழி லைன் வேலையைத்தான் சேரும். லைனில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால், ரிலீவர் என்று இன்னொருத்தி அவள் இடத்தில் வந்து நிற்பாள். கை யாருடையதோ, கணக்கு அந்த இடத்துக்குத்தான். செல்லக்கனியின் ரூமில் ஆறு பேர். ஷிஃப்டுக்கு ஏற்றபடி பாயிலிருந்து பக்கெட் வரை எல்லாவற்றுக்கும் ரிலீவர் உண்டு. அவள் ஜிம்முக்குப் போக அலுத்தபோது இசக்கிசெல்வி போனாள். இசக்கிசெல்விக்கு இரண்டாம் ஷிஃப்ட் விழுந்தபோது இன்னொருத்தி போனாள். காசு கட்டிய இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதில் தப்பு இருப்பதாக ஆறு பேருக்குமே தோன்றவில்லை.

மீதிப் பழி ஜோஸ்லினைச் சேரும். மாதம் முப்பது வருகைக்குக் குறைந்தால் பெண்கள் நேரத்தையே எடுத்துவிடுவேன் என்று மாஸ்டர் மிரட்டி வைத்திருந்தார். எடுத்தால் அவள் சம்பளமும் போகும். அதனால் வந்தவர்களை எல்லாம் அவள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். அவர்களில் பணம் கட்டிய பெயர் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒரு பெயரிலேயே எழுதி வைத்தாள்.

“நீ பதினொண்ணுன்னு சொன்னீனா, மீதி யாருன்னு கேப்பாரு. நான்தான் எழுதுனேன். எம் பொண்ணு ஸ்கூல் பீஸ் இன்னும் கட்டல கனி.”

செல்லக்கனிக்குக் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எவ்வளவு நல்ல வாதம், படியேறி வந்ததுமே செத்துப்போனது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஓசூர் ரூமின் ஜன்னல் நினைவுக்கு வந்தது. அதற்குள் மாஸ்டரே உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

சூசைராஜ் மாஸ்டருக்கு ஐம்பது வயது. இருபது வருடத்துக்கு முன்னால் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவர். அந்தப் போட்டோவைப் படிக்கட்டில் ஒன்று, கவுண்டரில் ஒன்று, கழிவறைக் கதவுக்கு எதிரே ஒன்று என்று மாட்டியிருந்தார்.

“இன்னாம்மா?”

“மாஸ்டர், என்னைய ஓசூருக்கு மாத்திட்டாவ. இனி இங்கன வர முடியாது. மிச்சம் எட்டு மாசம் கெடக்கு. அங்கன ரூம் அட்வான்ஸுக்கு நாலாயிரம் கொறையுது. பாத்து ஏதாச்சும் திருப்பித் தாங்க.”

அவர் ரசீதை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். “பதினஞ்சு நாளு. போட்டுக்கீது பாரு. நாலு மாசமாச்சு.”

“போட்டிருக்கு மாஸ்டர், நான் இல்லங்கல. சட்டப்படி எனக்குக் கேக்க வழியில்ல. உங்க நல்ல மனசுப்படிதான் கேக்கேன். ஆர்டர் நகல் கொண்டாந்திருக்கேன், பாருங்க. நானா விட்டுட்டுப் போவல.”

மாஸ்டர் ஆர்டரைப் படித்தார். வாதாட வந்தவளாக இருந்தால் விரட்டியிருப்பார். தப்பு தன்மேல் என்று ஒத்துக்கொண்டு நிற்பவளை என்ன செய்வது? தாடையைச் சொறிந்துகொண்டே, “அந்த நோட்டை எடு ஜோஸ்லின். எத்தினி நாள் வந்துக்கீதுன்னு பாப்போம்” என்றார்.

ஜோஸ்லின் நோட்டை நீட்டினாள். மாஸ்டர் விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் கண் விரிந்தது.

“நூத்தி அறுபத்தி மூணு! நாலு மாசத்துலயா? காலையிலயும் நீ, சாயங்காலமும் நீ?”

ஜோஸ்லின் தரையைப் பார்த்தாள். செல்லக்கனி நாலாயிரத்தை மனதுக்குள் ஒரு முறை கும்பிட்டு வழியனுப்பினாள்.

“ஆமா மாஸ்டர். நாந்தான்.”

“அப்ப வேலைக்கு எப்போ போவ?”

“நடுவுல.”

மாஸ்டர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கீழிருந்து மேல்வரை பார்த்தார். யூனிஃபார்ம் சட்டைக்குள் செல்லக்கனி துணி உலர்த்தும் கொடியில் தொங்குவதைப் போல இருந்தாள். அவர் எடைக் கருவியைக் காட்டினார். ஏறினாள். சேரும்போது நாற்பத்தொன்று என்று விண்ணப்பத்தில் இருந்தது. இப்போது முப்பத்தொன்பதரை. கையை மடக்கிக் காட்டச் சொன்னார். அவள் உயிரைக் கொடுத்து மடக்கினாள். அங்கே ஒன்றும் எழும்பவில்லை.

மாஸ்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே படிக்கட்டில் மாலைக் கூட்டம் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத பாரும்மா. இத நீ வெளியில யாராண்டயாச்சும் சொன்னியா?”

“எத மாஸ்டர்?”

“நூத்தி அறுபத்தி மூணு தபா சூசைராஜ் ஜிம்முக்கு வந்தேன்னு.”

செல்லக்கனிக்குச் சட்டென்று விளங்கியது. முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டாள். “இதுவர சொல்லல மாஸ்டர்.”

‘இதுவர’ என்ற சொல் மாஸ்டரை நேராகப் போய்த் தைத்தது. நூற்று அறுபத்து மூன்று முறை வந்தவள் இந்த உடம்போடு ஓசூர் முழுக்கத் திரிந்தால், சுவரில் மாட்டிய போட்டோக்களுக்கு என்ன மரியாதை? அவர் கால்குலேட்டரை எடுத்தார்.

“வருசக் கணக்குல நீ இருக்கல. அதனால வந்த நாலு மாசத்தை மாசக் கட்டணத்துல புடிக்கிறேன். நாலாயிரம். மீதி மூவாயிரத்து எரநூறு. வழக்கம் கெடயாது, நல்லெண்ணத்துல ஒரு வாட்டி தர்றேன். நீ அனுப்புன அதே கணக்குக்கு வரும். இன்னியோட உன் பேரு கட்.”

ஒரு தாளில் அப்படியே எழுதினார். இதை முன்னுதாரணமாக வேறு யாரும் கேட்கக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தார். அதற்குக் கீழே பேனாவை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“யார்னா கேட்டா, சேர்ந்தேன், ரெண்டே நாள்தான் போனேன்னு சொல்லணும். அதையும் எழுதறேன். கையெழுத்து போடு.”

செல்லக்கனி தாளை வாங்கி, இந்த முறை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. முன்பக்கத்தை ஒருமுறை, இரண்டுமுறை படித்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

அவள் பேரத்துக்குத் தயாராகிறாள் என்று ஜோஸ்லினுக்குத் தெரியும். கண்ணாலேயே, ‘வேணாம்டி, போதும், போட்டுட்டுக் கெளம்பு’ என்று கெஞ்சினாள். அவள் வேலை தப்பித்துவிட்டது. அவளுக்கு இனி இந்தத் தாள் மேசையைவிட்டுப் போனால் போதும்.

“இன்னாம்மா, இன்னும்?” என்றார் மாஸ்டர்.

“ஒண்ணுமில்ல மாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே சொல்லுதேன், சத்தியமா. ஆனா இதுல ஒரு எடத்துல உதைக்கு.”

“எங்க உதைக்கிது?”

“நான் ரெண்டு நாள்தான் வந்தேன்னு நீங்களே எழுதிட்டீங்கள்லா,” என்றாள் செல்லக்கனி பணிவாக. “பெறகு எதுக்கு நாலு மாசத்துக்குப் புடிக்கீங்க?”

ஜோஸ்லின் நோட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். நோட்டு குலுங்கியது. கதவுக்கு வெளியே மாலைக் கூட்டம் தட்ட ஆரம்பித்தது.

மாஸ்டர் மூவாயிரத்து இருநூறை அடித்துவிட்டு நாலாயிரம் என்று எழுதினார்.