பத்தொன்பதில் சந்தனம் இல்லை

கழக்கூட்டம் என்னும் மலையாள ஊரில் அவன் வாடகைக்கு இருக்கும் அறையின் கதவில் ஒரு பலகை தொங்கும்: எம். மகாராஜா, பி.எஸ்ஸி. அதே மாடியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் பெயரே எழுதாமல் குடியிருந்தார். அவருக்கு அது தேவைப்படவில்லை. வள்ளியூருக்குப் பக்கத்தில், வேலப்பன் மாடம்மாள் தம்பதிக்குப் பிறந்து, அந்த வம்சத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி முடித்த மகாராஜாவுக்குத் தேவைப்பட்டது. அதில் அவனுக்குக் கூச்சம் கிடையாது.

சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடமாக வேலை. படத்தில் இருப்பவர்களின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் கோடு இழுத்து வெட்டி எடுப்பான். ஒரு தலைமுடி கோட்டுக்கு வெளியே நின்றாலும் கண்டுபிடித்துவிடுவான். மேற்பார்வை பார்க்கும் ஜினி சேச்சி, "ராஜாவின்டெ கண்ணு" என்று புதிதாக வருபவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையில் அவன் ஆறு வருடம் சாப்பிடாமலே இருந்திருப்பான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நவநீத் வந்து சேர்ந்தான். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துத் தமிழ்ப் பையன். காலையில் குளித்து, புருவத்துக்கு நடுவே சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வருவான். எல்லோரையும் அண்ணா, சேச்சி என்பான். கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லை. அதுவே மகாராஜாவுக்குத் தாங்கவில்லை.

இப்போது ஸ்டூடியோவுக்கு வந்திருந்த வேலை முகம் மாற்றுவது. வயதான நடிகர் ஒருவர் கோயில் மேல்சாந்தியாக, தலைமைப் பூசாரியாக நடிக்கிறார். முழங்கால் வலியால் குளத்தில் குதிக்க முடியாது. சண்டைக் கலைஞர் ஒருவர் குதித்தார். நடிகர் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் முகத்தைக் குதித்தவர் முகத்தில் பொருத்த வேண்டும். இதற்கென்று ஒரு தனி அணி போடப்போவதாகவும், வெள்ளிக்கிழமை இயக்குநர் பார்த்த பிறகு அதற்கு யார் தலைவர் என்று சொல்வதாகவும் ஜினி அறிவித்திருந்தாள். மகாராஜா மனதுக்குள் அந்த நாற்காலியில் எப்போதோ உட்கார்ந்துவிட்டான்.

அவன் செய்த மாதிரியில் முகம் முழுவதற்கும் ஒரே முகமூடிக் கோடு. ஓரத்தை மங்கலாக்கினால் உதடும் சேர்ந்து மங்கியது. தோலின் நிறத்தைச் சரிசெய்தால் கண்ணின் வெள்ளையும் பழுப்பாகியது. நவநீத் வேறு வழியில் போனான். முகத்தைக் கூறு பிரித்துத் தரும் கணினி நிரல் ஒன்றை இரண்டு முகத்திலும் ஓடவிட்டான். தோல், கண், உதடு, புருவம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் அது ஒரு பெயர் வைக்கும். மொத்தம் பத்தொன்பது பெயர். தோலுக்கு அகலமான, மெத்தென்ற ஓரம். நிறத்தைக் குதித்தவரின் தோலோடு ஒப்பிட்டுச் சரிசெய்தான். கண்ணுக்கு இறுக்கமான ஓரம், நிறத்தைத் தொடவில்லை. உதட்டுக்குத் தனிக் கணக்கு. புருவத்துக்கு இரண்டு பேருடையதையும் சேர்த்து ஒரே எல்லை. இல்லாவிட்டால் அடியில் இருப்பவரின் புருவம் எட்டிப் பார்த்து, ஒரு மனிதனுக்கு நாலு புருவம் ஆகிவிடும்.

சந்தனம் பூசாத சாதாரண காட்சியில் செய்து காட்டியபோது ஜினி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "எந்தொரு ஜீவனாடா ஆ கண்ணினு!" என்றாள், கண்ணுக்கு வந்த உயிரைப் பார்த்து.

கண்ணாம். மகாராஜாவுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நவநீத் குளக்கரைக் காட்சியை எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணா, இதச் செத்த பாருங்கோ. உங்க கண்ணுக்குத் தப்பாதே."

திரையில் நிரல் போட்ட வண்ணப் படம். தோல் பச்சை, புருவம் நீலம், உதடு சிவப்பு, கண் வெள்ளை. அசல் படத்தில் மேல்சாந்தியாகக் குதித்தவரின் நெற்றி நிறைய, காதுக்குக் காது, கெட்டியாகச் சந்தனம். வண்ணப் படத்திலோ நெற்றி முழுக்க ஒரே பச்சை.

ஒரு நொடியில் மகாராஜாவுக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது பெயரில் சந்தனத்துக்குப் பெயர் இல்லை. நிரல் அதையும் தோல் என்று எண்ணிவிட்டது. அந்த மஞ்சளையும் சேர்த்துத்தான் இனித் தோலின் சராசரி நிறத்தை அது கணக்குப் போடும். நவநீத் தன் முகத்திலேயே சோதித்திருந்தான். அவனுடைய சின்னப் பொட்டு கணக்கைக் கெடுக்கவில்லை. தெருவில் பத்து நெற்றியில் எட்டில் சந்தனம் பார்த்து வளர்ந்தவனுக்கு அது முகத்தில் ஒரு பகுதி. தனியாகத் தெரியவே இல்லை.

சொல்ல வாய் திறந்தான். நெற்றிப் பொட்டோடு அந்தச் சிரித்த முகம் எதிரே நின்றது.

"நல்லாருக்குடே," என்றான். "இப்படியே போ."

மூன்று நாளும் அவன் நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு இயக்குநர் கொச்சியிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தார். காட்சி ஓடியது. குளத்திலிருந்து மேல்சாந்தி எழுந்தார். முகம் முழுக்க மஞ்சள். கண்ணும் உதடும் தனியாகச் செய்யப்பட்டதால் அவை மட்டும் இயல்பாக இருந்தன. அதனாலேயே சாயம் பூசிய பொம்மை கண் திறந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"எந்தா ஜினி, திருமேனிக்கு மஞ்சப்பித்தமோ?" மேல்சாந்திக்குக் காமாலையா என்று கேட்டு இயக்குநர் சிரித்தார். அறையில் நாலு பேர் சிரித்தார்கள்.

நவநீத்தின் காது சிவந்தது. "விளக்கு வெளிச்சம்னு நினைச்சேன், சார்... ஓரத்த இன்னும் கொஞ்சம் அகலமாக்கிப் பாக்கறேன்..."

"ஓரத்துல ஒண்ணும் இல்ல," என்றான் மகாராஜா. ஆறு வருடத்தில் அந்த அறையில் அவன் குரல் அவ்வளவு தெளிவாக ஒலித்ததில்லை. "சந்தனத்தத் தோலுன்னு எண்ணிட்டு. நெத்தி மஞ்ச மொகம் பூரா எறங்கிட்டு. சந்தனத்த வெட்டி வெளியில எடுத்துட்டு, மிச்சத் தோல வச்சு நெறத்தக் கணக்குப் போடணும். கலந்து முடிச்ச பொறவு, குதிச்சவரு சந்தனத்த அப்படியே மேல கொண்டாந்து வைக்கணும். ஒரு மணிக்கூறு தாங்க, சார்."

ஒரு மணி நேரத்தில் செய்தும் காட்டினான். சந்தனத்தின் ஓரத்தைக் கையால் கோடு இழுத்தான். தண்ணீர் வழிந்து கரைந்த இடத்தைக்கூட விடவில்லை. மேல்சாந்திக்கு உயிர் வந்தது. இயக்குநர், "இதாணு வேண்டியது," என்று சொல்லி அழைப்பை முடித்தார்.

நாற்காலி கிட்டத்தில் வந்துவிட்டது. அப்போது நவநீத், குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், ஆச்சரியமாகச் சொன்னான்: "அண்ணா, செவ்வாக்கிழமை அந்தப் பச்சைப் படத்தப் பாத்தேளே, அப்போ உங்களுக்கே தெரியலையா?"

ஜினி திரும்பினாள். "ராஜாவே, எப்போழா மனசிலாயது?"

இப்பத்தான் புரிஞ்சது சேச்சி என்று ஒரு வார்த்தை போதும். நாற்காலி அவனுக்கு. ஆனால் அந்த வார்த்தைக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. கண்ணுக்கு முன்னால் முழு நெற்றியும் பச்சையாக நின்றபோது ராஜாவின் கண் அதைத் தவறவிட்டது என்று அர்த்தம். இந்தப் பயல் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"செவ்வாக்கிழமையே தெரியும்," என்றான் மகாராஜா.

ஜினி எழுந்து அவன் அருகே வந்தாள். "அறிஞ்ஞிட்டு மிண்டாதிருந்நு, அல்லே?" தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாய் என்கிறாள். மத்தியானம் மின்னஞ்சல் வந்தது: முக அணிக்குத் தலைவர் நவநீத்.

திங்கட்கிழமை நவநீத்தே அவன் மேசைக்கு வந்தான். நிரலுக்கு இருபதாவதாகச் சந்தனம் என்று ஒரு பெயரைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆயிரம் நெற்றிகளில் கையால் கோடு இழுக்க வேண்டும். உங்களை விட்டால் யாரால் முடியும் என்றான். பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டே, "என்னண்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம், அண்ணா," என்றான்.

"சொல்லிருக்கலாம்," என்றான் மகாராஜா.

நவநீத் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நெற்றிக்குத் தானே கோடு இழுத்தான். மகாராஜா பார்த்துக்கொண்டிருந்தான். அதே பொறாமை, ஒரு துளிகூடக் குறையவில்லை. இடது புருவத்துக்கு மேலே கோடு கொஞ்சம் வழுக்கியது.

"லே, நிறுத்து!" என்று அவன் போட்ட சத்தத்தில் கடைசி மேசை வரை எல்லோரும் திரும்பினார்கள். "ரெண்டு புள்ளி உள்ள போயிட்டு பாரு. டீம் லீடராம், டீம் லீடர். தள்ளுடே, மௌஸ இங்க தா!"