பொட்டு வைத்த பீப்பாய்கள்

சுனாமிக் கடல் வந்துபோன பிறகு, செட்டிபாளையத்தில் அண்ணனும் நானும் ஃபைபர் படகு செய்யும் பட்டறை போட்டோம். உதவி நிறுவனமொன்று மீனவருக்குக் கொடுக்க எங்களிடம் படகுகள் கேட்டிருந்தது. அடுத்த வருட மாரிக்கு முன் கொடுக்காவிட்டால் ஓடர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

படகுக்கு உயிர், ஃபைபரை இறுக்கும் ரெசின் பசைதான். நாடு முழுக்கப் படகு கட்டியதால் அதற்கு அடிக்கடி தட்டுப்பாடு வந்தது. கொழும்பில் ஒரேயொரு முதலாளியை நம்பியிருந்தோம். அவருடைய லொறி இராணுவச் சென்றிகளில் மறிபட்டு எப்போது வரும் என்றே தெரியாது.

அவசரத்துக்கென நாலு பீப்பாய் ரெசின் ஒதுக்கி வைக்க அண்ணனிடம் சொன்னேன். வைத்தான். ஆயுத பூசையன்று அவற்றுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தான். அதோடு அவை சாமியாகிவிட்டன. ரெசின் கிடந்தால் கெட்டுப்போகும், தகரக் கூரையின் கீழ் இன்னும் கெதியாக. பழசை வேலைக்கு எடுத்து, புதிசை அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

"அண்ணா, பழசை எடுத்து முடிப்பம்."

"பொம்புளப் புள்ள உனக்கென்னகா தெரியும்? அதுல கை வெச்சியோ தெரியும்!"

அவன் புத்தியை என்னவென்று சொல்ல! கல்முனை வியாபாரி ஒருவரிடமும் ரெசின் இருந்தது. மாதம் ஒரு பீப்பாயாவது அவரிடம் வாங்குவோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணனோ அவரிடம் விலையைக் கேட்பான், அதைச் சொல்லிக் கொழும்பில் விலை குறைப்பான். ஒரு பீப்பாய்கூட வாங்கவில்லை.

அடுத்த வருடம் மாரி நெருங்கியபோது கொழும்பிலிருந்து ரெசின் வருவது அடியோடு நின்றது. இன்னும் ஐந்து படகு பாக்கி. பொட்டு வைத்த பீப்பாய்களை உடைத்தோம். நாலிலும் ரெசின் உறைந்து கிடந்தது. கம்பியால் குத்தினால் களிபோல் ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன.

"அதெல்லாம் வழமையா வாங்குற ஆக்களுக்கு, தங்கச்சி," என்றார் வியாபாரி. "உங்கட அண்ணன் விலை கேக்க மட்டும்தானே வந்தாரு. சும்மா காலத்துல மாசம் ஒண்டு எடுத்திரிந்தா இண்டைக்கு உங்களுக்கும் ஒண்டு ஒதுக்கியிரிப்பன்."

மனிதர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அடுத்த கிழமை நிறுவனத்து ஆள் வந்து, பாக்கிப் படகுகளை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் படலையைத் தாண்டியதும் அண்ணன் வேலையாட்கள் முன்னால் என் பக்கம் கிறுகினான்.

"இதெல்லாம் நீ முந்தியே சொல்லியிரிக்கலாமே, புள்ள?"

பட்டறைச் சாவிக்கொத்தை அவன் முகத்துக்கு நேரே எறிந்தேன். குறி தவறிவிட்டது. அந்த ஒன்றுக்காக மட்டும் இன்றைக்கும் வருந்துகிறேன்.