கீழுதட்டுக்குள் வைத்த பொடி

என் கணவர் பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தார். பீடிப் பொறி விழுந்தால் ஊரார் துணி பாழாகும் என்பதால் அவர் புகைத்ததில்லை. மூக்குப்பொடி போடுவார். ஒரு சிட்டிகை இழுத்துத் தும்மிவிட்டு மறுபடி மிஷினை மிதிப்பார்.

நான் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு மழைக்காலத்தில் கடைவாய்ப் பல் வலித்தது. கிராம்புத் தைலம் எடுபடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "பொடிய கொஞ்சம் ஈறில வச்சுப் பாரு, மரத்துப் போவும்" என்றாள். கணவரின் டப்பாவிலிருந்து எடுத்து வைத்தேன். எரிந்தது. ஊறிய எச்சிலை விழுங்கினேன். தலை சுற்றி, கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். மறுநாள் விழுங்காமல் துப்பக் கற்றுக்கொண்டேன்.

பல்லைப் பிடுங்கிய பிறகும் வைப்பதை நிறுத்தவில்லை. அந்த இடம் புண்ணாக இருந்ததால் முன்பக்கம் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கினேன். காலையில் வைக்காவிட்டால் பள்ளியில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். கணவருக்குத் தெரியாது. பொடி போடுவது ஆண்களின் காரியம் என்றே நானும் சொல்லிவந்தேன்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலங்கள் நடந்த காலம். அவரும் ஒன்றில் போனார். போலீஸார் பிடித்து நெய்யாற்றின்கரைச் சிறையில் வைத்தார்கள். நான்காம் நாள் பார்க்க விட்டார்கள். கம்பிக்குப் பின்னால் கண் சிவந்து நின்றார்.

"பொடி உண்டா?"

ஒரு பொட்டலம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"கட அடைப்பாக்கும். கெடைக்கேல்ல."

கடை திறந்துதான் இருந்தது. பாதியை எனக்கென்று வீட்டில் எடுத்து வைத்திருந்தேன். பேசும்போதே என் உதட்டுக்குள் ஒரு சிட்டிகை இருந்தது. அவர் தலையை ஆட்டினார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததாக நினைவில்லை.

அடுத்த முறை பொட்டலத்தைக் காவலர்கள் உள்ளே விடவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். முதல் சில நாள் தலைவலி, தூக்கமில்லை, பிறகு தானாக அடங்கிவிட்டது என்றார். டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆனால் அது காலியாகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "மிளகா பட்டா ஏன் முகம் சுளிக்க? உதட்டத் தாழ்த்து" என்றார்.

தாழ்த்தினேன். ஆறிய பாலின் ஆடை போல உள்ளே வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறாதது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போராட்ட அடைப்பால் பஸ் ஓடாத நாள். பாதி தூரம் நடந்தும் மீதி மாட்டுவண்டியிலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். விளிம்பு கெட்டியாக இருந்தது.

"டீச்சர், பொடி வைக்கத் தொடங்கி எத்தன வருஷம்?"

"ஆறு."

"புக இல்லாட்டி கேடில்லன்னு நெனச்சியளோ?"

கணவர் மெல்லக் கேட்டார்: "நான் மூக்கில போட்டேனே, டாக்டரே?"

"மூக்குக்குள்ள தோல் மெலிசு. நிகோடின் சடக்குனு ரெத்தத்தில கலந்து தலைக்கு ஏறும். ஈறில மெதுவா எறங்கும், ரொம்ப நேரம் நிக்கும். பொடியில சுண்ணாம்பு உண்டு, அது இன்னும் எறக்கிவிடும். ரெண்டும் ஆள அடிமையாக்கும். நீங்க விட்டது நல்லது, திரும்பத் தொடாதிய."

அடிமையாக்குவது நிகோடின், புற்றைத் தருவது பெரும்பாலும் புகையிலையில் உள்ள வேறு நஞ்சுகள் என்று பின்னாளில் படித்தேன். பொடி ஒரே இடத்தில் கிடந்ததால் அந்த இடம் கெட்டது.

சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது, பரவவில்லை. உதட்டில் ஒரு பகுதியையும் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் எடுத்தார்கள். வலியைவிடப் பொடி இல்லாத முதல் வாரம்தான் கொடுமை. தலையணை உறையைப் பிடித்துப் பிசைந்துகொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் எல்லை முடிவாயிற்று. பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னையோடு போயிற்று, எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. கணவர் கட்டிலருகே உட்கார்ந்து அதைச் சொன்னார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த கஞ்சி உதட்டோரம் வழிந்தது. துடைக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை, அங்கே உணர்ச்சி இல்லை.

பள்ளிக்குத் திரும்பியபோது 'ப'வும் 'ம'வும் சரியாக வரவில்லை. தலைமையாசிரியர் வாசிப்பு வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்குக் கணக்கைக் கொடுத்தார். கரும்பலகையில் எழுதினால் போதும். முதல் நாள் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், வாய்க்கு என்ன?" என்றாள். பக்கத்தில் வரச் சொல்லி, உதட்டைத் தாழ்த்திக் காட்டினேன்.