டிவி இல்லாத வீட்டின் கனெக்‌ஷன்

அந்தத் தெருவில் சலவைக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் 'சரிங்கண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது 'சரிங்க'தான். அப்படித்தான் மைத்துனருடைய கிளி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாடிவீட்டுக்காரரின் உடற்பயிற்சி சைக்கிளும் அப்படியே கடைக்குள் வந்தது. அதில் யாரும் ஏறி மிதித்ததில்லை. சலவை முடிந்த சட்டைகள்தான் அதில் தொங்கின.

வீட்டு டிவி புகைந்து, பழைய சாமான்காரரோடு போய்விட்டது. கனெக்‌ஷன் மட்டும் போகவில்லை. ரத்து செய்யச் சொல்லிக் கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டார். "டிவிதான் இல்லைங்க" என்றார். எதிர்முனையில் இருந்த பையன் பரிவோடு, "புது டிவி வாங்கினதும் பார்க்க வசதியா இருக்கும் சார்" என்றான். போனை வைக்கும்போது விளையாட்டுச் சேனல்கள் அத்தனையும் சேர்ந்திருந்தன. இன்னொரு தடவை கூப்பிட்டபோது குழந்தைகள் சேனல்கள் வந்தன. அவருடைய பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பார்வை நேரம் முடிந்தபிறகு மந்திரியே வந்தாலும் உள்ளே விடமாட்டாள் என்று பெயர். ஆனால் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருந்தது. அவள் பேசினால் கம்பெனி காது கொடுக்காது.

"காரணம் மட்டும் சொல்லாதீங்க," என்றாள் வேலைக்குக் கிளம்பும்போது. "எந்தக் காரணம் சொன்னாலும் அதுக்கு ஒரு பதில் எழுதி வச்சிருப்பாங்க. ரத்து பண்ணிட்டோம்னு எழுத்துல ஒரு நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க."

"சரி," என்றார்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டார். பொத்தான்களை அமுக்கி, பாட்டுக் கேட்டுக் காத்திருந்தபின் ஒரு பெண் வந்தாள். பெயர், முகவரி எல்லாம் சரிபார்த்துவிட்டு, "ஏன் சார் எங்களை விட்டுப் போறீங்க?" என்றாள், பெண்ணைக் கட்டிக் கொடுத்த அம்மா மாதிரி.

டிவி புகைந்த கதை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். "சொந்த முடிவும்மா. ரத்து பண்ணிடுங்க."

"பாதி விலைக்குத் தர்றேன் சார்."

"சரிம்மா, நல்ல சலுகைதான். ரத்து பண்ணிடுங்க."

சொன்னபிறகுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. 'சரி' என்று சொல்லியும் தப்பித்துக்கொள்ளலாம் என்பது இத்தனை வயதுக்கு அவருக்குத் தெரியாமலே இருந்தது.

"மூணு மாசம் நிறுத்தி வச்சுக்கலாம் சார், கனெக்‌ஷன் அப்படியே இருக்கும்."

"சரிம்மா, புரியுது. நிறுத்தி வைக்க வேணாம், ரத்து பண்ணிடுங்க."

அவள் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. பாவம், இவளுக்கும் மேலே ஒரு அதிகாரி இருப்பான், இத்தனை பேரைத் தக்கவை என்று கணக்குக் கேட்பான் என்று நினைத்தார். "நீங்க நல்லாத்தாம்மா பேசறீங்க. குறை உங்க மேல இல்லை," என்றார். அதையும் மனதாரச் சொன்னார்.

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். "பதிவு பண்ணிட்டேன் சார். நீங்க வச்சிடலாம்."

"நம்பர் ஒண்ணு குடுங்கம்மா. எழுத்துல."

"மெசேஜ் வரும் சார்."

"வரட்டும்மா. வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."

மெசேஜ் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. எங்கள் பிரதிநிதி உங்களை விரைவில் தொடர்புகொள்வார்.' கீழே ஒரு நம்பர்.

"இதுல ரத்துன்னு ஒரு வார்த்தையும் இல்லையேம்மா. திரும்பக் கூப்பிடறோம்னுல்ல போட்டிருக்கு?"

இதற்குள் கோட்டு வாங்க வந்த வாத்தியார் ஒருவர் மேஜையைத் தட்டினார். சரிங்கண்ணன் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாத்தியார் திகைத்து நின்றார். அவரை இந்தக் கடையில் இதுவரை யாரும் காக்கவைத்ததில்லை.

"மன்னிச்சுக்கங்க சார், ரத்துன்னே போட்டு அனுப்பறேன்."

"எந்தத் தேதியோட முடியுதுன்னும் போட்டுடுங்கம்மா. செட்டாப் பெட்டியை எப்ப எடுத்துக்கறீங்கன்னும்."

இரண்டாவது மெசேஜில் எல்லாம் இருந்தது: ரத்து, தேதி, பெட்டியை எடுக்க ஆள் வரும் நாள், நம்பர். நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் ஆமாம் என்றதும், பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு நன்றி சொல்லி வைத்தார். பிறகுதான் வாத்தியாருக்குக் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

சொன்ன நாளில் ஆள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அடுத்த மாதம் பழக்கதோஷத்தில் ஒரு பில் வந்தது. அவர் கூப்பிட்டு நம்பரைச் சொன்னார். அங்கே தேடிப் பார்த்து, தவறுதான் என்று பில்லை நீக்கினார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்று மாலை மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஜிம்மில ஒரு மெம்பர்ஷிப் எடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"அதை அப்பவே நிறுத்திட்டேன்னு சொன்னியே?"

"போன் பண்ணேன். அந்தப் பொண்ணு அழற மாதிரி பேசிச்சு." அவள் கிளியைப் பார்த்தாள். "யோகாவும் சேர்த்துட்டேன்."

அவர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "உன் பேர்ல இருக்கிறதால நீதான் பேசணும். ஸ்பீக்கர்ல போடு. நான் பக்கத்துல இருக்கேன்."